மாத்திரை காலாவதியாகும் முன்பே கணக்கில் விலை குறையும்

ஒரு மருந்து மொத்த வியாபாரியின் கிடங்கில் ஒரே மாத்திரையில் 1,000 அட்டைகள் தேங்கிக் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். அட்டை 80 ரூபாய்க்கு வாங்கியது. மார்ச் 31 அன்று கணக்கு முடிக்கும்போது ஏட்டில் 80,000 ரூபாய் சரக்கு நிற்கிறது. காலாவதிக்கோ மூன்று மாதம்தான் பாக்கி. தயாரித்த கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டு கிரெடிட் நோட் கொடுத்தால் கவலையில்லை. இந்த மாத்திரைக்கு அந்த ஏற்பாடு இல்லை.

இந்தியக் கணக்கியல் தரநிலை 2 இங்கே தெளிவாக இருக்கிறது. வாங்கிய விலை, விற்றால் செலவு போகக் கைக்கு வரும் தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதுவே சரக்கின் மதிப்பு. தள்ளுபடியில் அட்டை 50 ரூபாய்க்குப் போகும். கமிஷன், வண்டிச் செலவு 5 ரூபாய். மிச்சம் 45. ஆக, அட்டைக்கு 35 ரூபாய் வீதம் 35,000 ரூபாய் நஷ்டத்தை இந்த ஆண்டிலேயே காட்டியாக வேண்டும். சரக்கு இன்னும் கெடவில்லையே என்று தள்ளிப்போட முடியாது.

பல நிறுவனங்கள் இந்தத் தொகையைச் செலவில் எழுதி, எதிரே ‘ஒதுக்கீடு’ என்று தனிக் கணக்கில் வைக்கின்றன. கிடங்கு ஏட்டில் 80 ரூபாய் விலை மாறாமல் இருக்கும். ஆண்டறிக்கையில் ஒதுக்கீடு போக 45,000 மட்டும் தெரியும்.

ஜூன் முடிவதற்குள் 600 அட்டைகள் எதிர்பார்த்த விலைக்கே விற்றுவிட்டன. அவற்றில் புதிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மீதி 400 காலாவதியாகிவிட்டன. அவற்றுக்கு ஏற்கெனவே 14,000 ரூபாய் ஒதுக்கியாயிற்று. எஞ்சிய 18,000 இப்போது நஷ்டம். ஒதுக்கீட்டையும் சரக்கையும் நேர்செய்துவிட்டு 400 அட்டைகளையும் ஏட்டிலிருந்து நீக்க வேண்டும்.

நீக்குவதற்கு முன் ஒப்புதல் வேண்டும். திருட்டு நுழையும் வாசல் இதுதான். கிடங்குப் பொறுப்பாளர் தொகுதி எண்ணோடு பட்டியல் தருவார். தரப்பிரிவு காலாவதியை உறுதிசெய்யும். கணக்குப் பிரிவு எண்ணிப் பார்க்கும். அதிகாரம் பெற்ற மேலாளர் கையெழுத்திடுவார். பட்டியல் போட்டவரே ஒப்புதலும் கொடுத்தால், நல்ல அட்டைகள் கழிவு என்ற பெயரில் வெளியே போய்விடும். காலாவதியானவையும் கடைக்குத் திரும்பலாம். அவற்றை விழுங்கப்போவது ஒரு நோயாளி. அதனால் அழிப்பை ஒருவர் நேரில் பார்ப்பதும், எரியூட்டும் நிலையத்தின் சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைப்பதும் அவசியம். அழித்த சரக்குக்கு எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரிக் கழிவையும் சட்டப் பிரிவு 17(5)(எச்) படி திருப்ப வேண்டும்.

ஒதுக்கீடு மிகையானாலும் தப்புதான். 2001இல் அமெரிக்காவின் சிஸ்கோ 225 கோடி டாலர் சரக்கை மதிப்பிறக்கியது. அதில் ஒரு பகுதி பின்னர் விற்றபோது லாபம் கூடியது. மார்ச்சில் குறைத்த விலையையும் ஏப்ரல், மே பில்களில் உண்மையில் விற்ற விலையையும் தணிக்கையாளர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இதற்காகவே.