வால்பேப்பர் மாறினால் கைப்பேசியின் நிறமும் மாறுவது ஏன்? விரும்பிய நிறத்தை நிலைநிறுத்துவது எப்படி?

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வால்பேப்பரை மாற்றியதும் பொத்தான்கள், அறிவிப்புப் பலகை, விசைப்பலகை ஆகியவையும் நிறம் மாறுவதைப் பலர் கவனித்திருப்பர். கூகுள் நிறுவனம் 2021-ஆம் ஆண்டு ஆண்ட்ராய்டு 12 பதிப்பில் அறிமுகப்படுத்திய 'மெட்டீரியல் யூ' வடிவமைப்பே இதற்குக் காரணம்.

படத்தில் அதிகப் பரப்பை நிரப்பும் நிறத்தையே கைப்பேசி எடுத்துக்கொள்கிறது என்று கருதுவது தவறு. முதலில் படம் மிகச் சிறிய அளவுக்குச் சுருக்கப்படுகிறது. அதிலுள்ள நிறங்கள் அதிகபட்சம் 128 குழுக்களாகத் தொகுக்கப்படுகின்றன. பின்னர் ஒவ்வொரு நிறத்துக்கும், அது எவ்வளவு பரவியுள்ளது, எவ்வளவு செறிவாக உள்ளது என்ற இரு அளவுகோல்களின்படி மதிப்பெண் வழங்கப்படுகிறது. நிறச்செறிவே இல்லாத சாம்பல், கருப்பு, வெள்ளை ஆகியவை போட்டியிலிருந்தே விலக்கப்படுகின்றன.

மேகம் மூடிய கடற்கரைப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெரும்பகுதி வெறும் சாம்பல். ஓரத்தில் மட்டும் சிறிய ஆரஞ்சு நிறப் படகு. கைப்பேசி ஆரஞ்சு நிறத்துக்கே மாறும். முழுக் கருப்பு-வெள்ளைப் படமாக இருந்தால் தேர்வுக்கு ஏற்ற நிறமே கிடைக்காது. அப்போது பொதுவாக நீல நிறம் தோன்றும். அது பழுதல்ல, மூல நிறம் கிடைக்காதபோது பயன்படுத்துவதற்கான மாற்று ஏற்பாடு.

தேர்வான அந்த ஒரு மூல நிறத்திலிருந்து ஐந்து வண்ணத் தொகுப்புகள் உருவாகின்றன. மூன்று பொத்தான்கள் முதலியவற்றை எடுத்துக்காட்டவும், இரண்டு பின்னணிக்கும் உரியவை. ஒவ்வொன்றிலும் வெள்ளை முதல் கருப்பு வரை 13 சாயல்கள் உள்ளன. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வில் போதிய இடைவெளி உள்ள சாயல்களே இணைக்கப்படுகின்றன. எனவே மூல நிறம் எதுவாயினும் எழுத்து மங்காது.

இந்தத் தேர்வு பிடிக்கவில்லையெனில் மாற்ற இயலும். பிக்சல் கைப்பேசியில் முகப்புத் திரையின் வெற்றிடத்தை அழுத்திப் பிடித்து Wallpaper & style பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கு Wallpaper colors, பிற நிறங்கள் என இரு பிரிவுகள் இருக்கும். சாம்சங் கைப்பேசிகளில் இதே வசதி Color palette என்ற பெயரில் உள்ளது.

இரு பிரிவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு முக்கியமானது. Wallpaper colors பிரிவில் தேர்ந்தெடுக்கும் நிறம், அந்தப் படம் இருக்கும் வரை மட்டுமே நீடிக்கும். புதிய படம் வைத்தவுடன் கணக்கீடு மீண்டும் தொடங்கும். தேர்ந்தெடுத்த நிறம் தானாகவே மறைந்துவிட்டதாகப் பயனர்கள் குழம்புவது பெரும்பாலும் இதனால்தான். பிற நிறங்களுக்கான பிரிவில் தேர்ந்தெடுத்தால், வால்பேப்பரை எத்தனை முறை மாற்றினாலும் நிறம் அப்படியே இருக்கும்.

எனினும், எல்லாச் செயலிகளும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. உருவாக்கிய நிறுவனம் இவ்வசதியைச் சேர்த்திருந்தால் மட்டுமே செயலியின் நிறம் மாறும். வங்கிச் செயலிகள் போன்றவை தங்கள் சொந்த நிறத்திலேயே தொடர்ந்தால், அமைப்புகளில் தேடிப் பயனில்லை.