இறுகிப்போன பாட்டில் ட்ராப்

வாஷ்பேசினுக்குக் கீழே தொங்கும் பாட்டில் ட்ராப்பின் அடிமூடி கையால் திருகிக் கழற்றும்படி செய்யப்பட்டது. ஆனால் சோப்புப் படிவும் உப்புநீரின் சுண்ணாம்பும் மரையில் புகுந்து காய்ந்தால் அது அசையாது. முன்பு யாராவது கருவியால் முறுக்கியிருந்தாலும் இதே நிலைதான்.

பல நேரம் மூடி இறுகியிருப்பதில்லை. திருப்பும் திசைதான் தவறு. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் மூடி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கழலும். மேலிருந்து குனிந்து பார்ப்பவருக்கு அதே திசை தலைகீழாகத் தெரிவதால், கழற்றுவதாக நினைத்து இறுக்கிவிடுவார்.

முதலில் அடியில் வாளி வைத்து, ஈரத்தைத் துடைக்க வேண்டும். பழைய சைக்கிள் டியூபை நீளப் பட்டையாக வெட்டி மூடியின் மேல் இழுத்துச் சுற்றி, நுனியைக் கழலும் திசையில் இழுத்தால் வழுக்காது. மற்றொரு கை ட்ராப்பின் உடலைப் பிடித்திருப்பது அவசியம். இல்லாவிட்டால் மேலுள்ள குழாயும் சேர்ந்து திரும்பி, பேசின் இணைப்பில் கசியத் தொடங்கும்.

அப்படியும் அசையாவிட்டால், கை பொறுக்கும் சூடுள்ள நீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் மூடியில் சுற்றி வைக்கலாம். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக் இளகி வடிவம் கெடும். இடுக்கியால் நெரித்தாலும் வட்டம் நசுங்கி மரை இன்னும் இறுகும், சில சமயம் மூடியே விரிசல் விடும். கடைசி வழியாக, துணி சுற்றிய பெரிய பைப் ரெஞ்சால் மெதுவாகத் திருப்பலாம்.

திரும்ப மாட்டும்போது மரையைத் தேய்த்துக் கழுவி, வாஷர் நைந்திருந்தால் மாற்றி, கையால் மட்டும் இறுக்க வேண்டும்.