பத்து சதவீதம் என்றால் எதில் பத்து?

கல்யாண வேலையை மொத்தமாக எடுத்துச் செய்யும் ஈவென்ட் பிளானர்களுக்குப் புகைப்படக்காரர்கள் அனுப்பும் மின்னஞ்சல்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. தரமான கேண்டிட் படங்கள் எடுத்துத் தருகிறோம், சேர்ந்து வேலை செய்யலாம், கமிஷன் நேரில் பேசிக்கொள்ளலாம் என்று நாலு வரி. கீழே பத்து அழகான படங்கள். பதில் வராது. இவரை நம்பி ஒரு கல்யாணத்தைக் கொடுத்தால் முகூர்த்த நேரத்தில் சமாளிப்பாரா, பணக் கணக்கில் பின்னால் தகராறு வருமா என்ற இரண்டு கேள்விக்கும் அதில் விடை இல்லை.

முதல் கேள்விக்கு மாதிரி ஆல்பம்தான் விடை. பத்து கல்யாணத்திலிருந்து பொறுக்கிய பத்து படங்கள் எதையும் நிரூபிக்காது. ஒரே கல்யாணத்தை முழுசாகக் காட்ட வேண்டும். விடியற்காலை முகூர்த்தம், மண்டபத்தின் மஞ்சள் வெளிச்சம், ஹோமப் புகை, தாலி கட்டும் நொடியில் மணவறையைச் சூழ்ந்துகொண்டு அட்சதை போடும் உறவுக்காரர்கள். இந்த நெரிசலிலும் பெண்ணின் முகமும் தாலி முடியும் கையும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்றுதான் அனுபவமுள்ள பிளானர் பார்ப்பார். விருந்தினர் வருவதற்கு முன் எடுத்த வெறும் மணவறை, வாசல் அலங்காரம், பந்தி இலை வரிசை ஆகிய படங்களும் இருக்கட்டும். அவை பிளானரின் சொந்த உழைப்பு. அடுத்த வாடிக்கையாளருக்குக் காட்ட அவருக்கும் அவை வேண்டும்.

மண்டபக் கல்யாணம் ஒன்று, இரவு நேரத் திறந்தவெளி ரிசப்ஷன் ஒன்று என இரண்டு ஆல்பம் போதும். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது என்பதால் லிங்க்தான் அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் அதை வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்கும் திரை வந்தால் பிளானர் அங்கேயே மூடிவிடுவார். படத்தில் இருக்கும் குடும்பத்தின் சம்மதத்தையும் முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது கமிஷன். உறவு முறிவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு கல்யாணத்துக்கு ஸ்டுடியோவின் கட்டணம் 1,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆல்பம் அச்சுக்கு 25,000, வெளியூர்ப் பயணத்துக்கும் தங்கலுக்கும் 15,000. இதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 27,000 சேர்ந்து பில் 1,77,000. இப்போது "பத்து சதவீதம்" எவ்வளவு? பில் தொகையில் என்றால் 17,700. வரி நீங்கலாக என்றால் 15,000. அச்சும் பயணமும் கழித்துப் படப்பிடிப்புக் கூலியில் மட்டும் என்றால் 11,000. பிளானர் முதல் தொகையை எதிர்பார்த்திருப்பார், புகைப்படக்காரர் கடைசித் தொகையை மனத்தில் வைத்திருப்பார். இருவர் மேலும் தப்பில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் மின்னஞ்சலில் அந்தப் பத்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் மேடம். நீங்கள் அனுப்பும் கல்யாணங்களுக்கு, ஜிஎஸ்டி, ஆல்பம் அச்சு, பயணச் செலவு நீங்கலான படப்பிடிப்புக் கட்டணத்தில் 10 சதவீதம் தருகிறோம். கல்யாணத்தன்று வாடிக்கையாளர் தரும் தவணை எங்கள் கணக்கில் ஏறிய 7 நாளுக்குள் உங்கள் பில்லுக்குப் பணம் வந்துவிடும். அதே வீட்டிலிருந்து ஓராண்டுக்குள் வரும் அடுத்த விசேஷத்துக்கும் இது பொருந்தும். நேரே வருபவருக்கும் உங்கள் வழியாக வருபவருக்கும் எங்கள் கட்டணம் ஒன்றே."

முன்பணத்திலேயே கமிஷனைக் கொடுத்துவிட்டால், கல்யாணம் தள்ளிப்போகும்போதோ நின்றுபோகும்போதோ திருப்பிக் கேட்க வேண்டிய சங்கடம் வரும். அதனால்தான் கல்யாண நாள் தவணையோடு அது கட்டப்பட்டிருக்கிறது. கடைசி வரி இன்னும் முக்கியம். கமிஷனைக் கட்டணத்தில் ஏற்றி வைத்தால், பெண்ணின் சித்தப்பா ஸ்டுடியோவுக்கு நேரே போன் போட்டு விலை கேட்கும் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டுவிடும். அப்போது கெடுவது பிளானரின் பெயர். கமிஷன் என்பது புகைப்படக்காரர் தன் லாபத்திலிருந்து கொடுப்பது. அது கட்டுப்படி ஆகாதென்றால் 7 சதவீதம் என்று எழுதுவதே நேர்மை.

கமிஷனை பில் போட்டு வங்கி வழியாகக் கொடுப்பது இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு. ஒருவருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கமிஷன் போனால், வரவு செலவு பெரிதாக உள்ள ஸ்டுடியோக்கள் டிடிஎஸ் பிடிக்க வேண்டியிருக்கும். இதைக் கணக்காளரிடம் முன்பே கேட்டு, கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடலாம்.

ஆல்பம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதையும் எழுத மறக்கக் கூடாது. ஆல்பம் தாமதமானால் அந்த வீட்டார் முதலில் பிளானரைத்தான் கூப்பிடுவார்கள்.

இந்த மின்னஞ்சலை ஆடியிலோ மார்கழியிலோ அனுப்புங்கள். முகூர்த்தங்கள் ஓய்ந்திருக்கும் அந்த மாதங்களில்தான் பிளானருக்கு இரண்டு ஆல்பத்தைப் புரட்ட நேரம் கிடைக்கும். எடுத்த எடுப்பில் பெரிய கல்யாணத்தைக் கேட்காமல், வரும் ஆவணியில் ஒரு நிச்சயதார்த்தத்தையோ வளைகாப்பையோ மட்டும் கேட்டால் சம்மதிப்பது அவருக்குச் சுலபம்.