'போன்ஜூர்' சொன்ன பிறகே பாண்

பாரிஸின் வடக்குப் புறநகரான லா கூர்நெவ்வில் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. பிள்ளைகளைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பெற்றோருக்குப் பகல் பொழுது நீளமானது. வீட்டார் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, துணையில்லாமல் போய்வரக்கூடிய இடம் பெரும்பாலும் தெருமுனைப் பாண் கடைதான். அப்படி ஒரு பெரியவரைக் கற்பனை செய்துகொள்வோம். எழுபத்தைந்து வயது, ஓய்வுபெற்ற தபாலதிபர். செவ்வாயும் வெள்ளியும் சைவம்; அந்த நாட்களில் முட்டையும் தொடமாட்டார். இன்று வெள்ளிக்கிழமை.

"உள்ளுக்குப் போன உடனை போன்ஜூர் சொல்லுங்கோ அப்பா. பிறகுதான் பாண் கேக்கோணும்" என்று மகள் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

கடையின் நெற்றியில் 'புலான்ஜெரி' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. வெறும் அலங்காரப் பெயர் என்று அவர் கடந்துபோகலாம். ஆனால் பிரான்சில் அந்தப் பெயரை நினைத்தவர்கள் எல்லாம் போட்டுக்கொள்ள முடியாது. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, மா குழைப்பது, புளிக்கவைப்பது, உருட்டுவது, சுடுவது எல்லாம் பாண் விற்கும் அந்த இடத்திலேயே நடந்தால்தான் அந்தப் பலகை மாட்டலாம். எந்தக் கட்டத்திலும் மாவையோ பாணையோ உறையவைக்கக் கூடாது. ஆலையிலிருந்து உறைந்த மா வாங்கிச் சுட்டு மட்டும் விற்கும் கடைகளும் ஊரெங்கும் இருக்கின்றன. அவை வேறு பெயரில்தான் நடக்க வேண்டும். இதில் ஒரு ஓட்டை உண்டு. சட்டம் பாணைப் பற்றித்தான் பேசுகிறது. அதே கடையின் குரோசோன், ஆலையிலிருந்து உறைநிலையில் வந்ததாக இருக்கலாம்.

கதவில் 'புஸ்ஸே' என்றிருந்தால் தள்ள வேண்டும், 'திரே' என்றிருந்தால் இழுக்க வேண்டும். உள்ளே வரிசையில் நாலு பேர். பெரியவர் பொதுவாக "போன்ஜூர்" என்கிறார். முன்னால் நிற்பவர்களும் திரும்பிப் பதில் சொல்கிறார்கள். பிரான்சில் இதைச் சொல்லாமல் நேரே பொருளைக் கேட்பது முகத்தில் அடித்தமாதிரி. கடைக்காரப் பெண்ணின் முகம் இறுகிவிட்டால், அவள் சிடுமூஞ்சி என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். பல சமயம் விடுபட்டது அந்த ஒரு சொல்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் நீளப் பாண்கள் இரண்டு வகையாக நிற்கின்றன. ஒன்றின் கீழ் 'பகெத்', மற்றதன் கீழ் 'பகெத் த்ரடிசியோன்'. இரண்டாவது கொஞ்சம் விலை கூட. விலையில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம்: 1,30 என்றால் ஒரு யூரோ முப்பது சென்ட்.

'த்ரடிசியோன்' என்ற சொல்லுக்குப் பின்னாலும் ஒரு சட்டம் நிற்கிறது. 1993 செப்டம்பரில் வந்த அரசாணை அது. கோதுமை மா, குடிநீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்தமா ஆகியவைதான் இந்தப் பாணின் சேர்மானம். அவரை, சோயா, மால்ட் மாக்களை மிகச் சிறிய அளவில் சேர்க்க இடமுண்டு. மற்ற சேர்ப்புப் பொருள்களுக்கு இடமில்லை. முட்டை இல்லை, பால் இல்லை, வெண்ணெயும் இல்லை. யாரோ ஒரு சைவக்காரரை நினைத்து எழுதிய ஆணை அல்ல. ஆலைப் பாணிடமிருந்து கைப்பாணைக் காப்பாற்ற எழுதியது. ஆனாலும் இந்த வெள்ளிக்கிழமைப் பெரியவருக்கு அதுவே காவல்.

பக்கத்துத் தட்டுக்குப் போனால் அந்தக் காவல் கிடையாது. பளபளவென்று பழுப்பேறிய குரோசோனின் மினுக்கம் பெரும்பாலும் முட்டை பூசிச் சுட்டதால் வருவது. பிரியோஷில் முட்டை மாவிலேயே கலந்திருக்கும். தட்டையாக, கீறல்களோடு இருக்கும் 'ஃபூகாஸ்' பார்வைக்கு வெறும் பாண்தான். அதன் பெயரோடு 'லார்தோன்' என்று சேர்ந்திருந்தால் உள்ளே பன்றி இறைச்சித் துண்டுகள். 'ஜாம்போன்' என்றாலும் பன்றிதான். 'வெஜெத்தாரியன்' என்ற சீட்டை நம்பியும் பயனில்லை, பிரெஞ்சுக்காரர்களின் சைவத்தில் முட்டை உண்டு. ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களில் எது எதில் இருக்கிறது என்ற எழுத்துவிவரத்தைக் கடையில் வைத்திருக்க வேண்டும். 'அலெர்ஜேன்' என்று கேட்டால் காட்டுவார்கள். முட்டையும் பாலும் அந்தப் பட்டியலில் உண்டு. இறைச்சி அதில் வராது, அதை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்.

அவர் முறை வருகிறது. "போன்ஜூர் முஸியூ, ஜ வூ செகூத்" என்கிறாள் அந்தப் பெண். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று வரும். நம் ஊர்க் கடைக்காரர் "சொல்லுங்கோ ஐயா" என்பாரே, அதுதான்.

"ஊன் த்ரடிசியோன், ஸில் வூ ப்ளே" என்று மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறார். அவள் உடனே எடுத்துத் தரவில்லை. "பியன் குவித்? பா த்ரோ குவித்?" என்று கேட்கிறாள். நன்றாக முறுகியதா, அதிகம் முறுகாததா? பல் பலமில்லாதவர்கள் இரண்டாவதைத்தான் சொல்ல வேண்டும். முறுகியதன் தோல் வாசமாகவும் மொறுமொறுப்பாகவும் இருக்கும், ஆனால் ஈறைக் கிழித்துவிடும். அவர் தடுமாறுவதைக் கண்டு, ஒவ்வொன்றாக எடுத்து நிறத்தைக் காட்டுகிறாள். "ப்ரெனே வோத்ர தாம்" என்றும் சொல்கிறாள். அவசரமில்லை, ஆறுதலாகப் பாருங்கள் என்று பொருள். பின்னால் நிற்பவர்களும் பொறுத்துக்கொள்கிறார்கள். வெளிறியதை அவர் சுட்டிக்காட்ட, அதன் நடுவில் ஒரு காகிதத்தைச் சுற்றித் தருகிறாள். முனைகள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. வீட்டுக்குப் போகும் வழியில் அதில் ஒரு முனையை ஒடித்துத் தின்னாத பிரெஞ்சுக்காரர் குறைவு.

அடுத்த கேள்வியில்தான் புதியவர்கள் பலர் விழுவார்கள். "எ அவெக் ஸசி?" என்பது வேகமாக, ராகம்போல வரும். 'இதோடு வேறென்ன?' என்று கேட்கிறாள். விளங்காமல் மரியாதைக்கு "வீ" என்று தலையாட்டினால் போச்சு. ஆமாம் என்றால் இன்னொன்று வாங்கப் போகிறார் என்று அவள் காத்து நிற்பாள், இவர் இவ்வளவுதான் என்று காத்து நிற்பார். "செ தூ, மெர்சி" என்பதுதான் சரியான பதில். அவ்வளவுதான், நன்றி.

பணத்தை நீட்டினால் சில கடைகளில் அவள் கையில் வாங்கமாட்டாள். மேசைமேல் ஒரு சின்ன இயந்திரம் இருக்கும். நாணயத்தை அதன் வாயில் போட்டால் மீதியை அதுவே கீழே தள்ளும். பாண் தொடுகிற கை காசு தொடவேண்டாம் என்பது ஒரு காரணம், கல்லாக் கணக்குப் பிசகாது என்பது இன்னொன்று. "போன் ஜூர்னே, முஸியூ" என்று வாழ்த்தி அனுப்புகிறாள். பதிலுக்கு "வூ ஸோஸி" என்றால், உங்களுக்கும் அப்படியே.

இந்தப் பாணை அன்றே தின்றுவிட வேண்டும். மறுநாள் வரை மென்மையாக வைத்திருக்கும் சாமான் எதுவும் இதில் இல்லாததால் இரவுக்குள் விறைத்துவிடும். குளிர்பெட்டியின் சாதாரணத் தட்டில் வைத்தால் இன்னும் சீக்கிரம் காயும். மிஞ்சியதை உறைபெட்டியில் வைத்து, அடுத்த நாள் வெதுப்பியில் சில நிமிடம் சூடாக்கினால் தோல் மறுபடி முறுகும். விறைத்த துண்டைச் சம்பலோடு தின்ன முடியாது. பருப்புக் கறியில் தோய்த்தால் சரியாகிவிடும்.

நாலைந்து முறை போன பிறகு அவள் கேள்வியைச் சுருக்கிவிடுகிறாள். "கொம் தபிதுத்?" வழக்கம்போலத்தானா? இதற்கு "வீ" என்று தலையாட்டலாம். பா த்ரோ குவித் த்ரடிசியோன் ஒன்று தானே வந்துவிடும். ஆனால் திங்கட்கிழமை போனால் இரும்புக் கதவு இறங்கியிருக்கலாம். அதில் 'ஃபெர்மே ல லண்டி' என்று எழுதியிருக்கும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, பல கடைகளுக்கு அது திங்கள். ஆகஸ்டில் அதே கதவில் 'கோன்ஜே' என்ற சொல்லோடு இரண்டு தேதிகள் ஒட்டியிருந்தால் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போயிருக்கிறார்கள். இரண்டாவது தேதியைக் குறித்துக்கொண்டு, அதுவரை அடுத்த தெருக் கடையில் "போன்ஜூர்" என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.