பாகம் பிரித்தாயிற்று, பணம் வரவில்லை

அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மாவும் இல்லை. திருச்சியில் அப்பா வாங்கிய வீடு ஒன்று, லால்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சை. வாரிசுகள் அண்ணன், தங்கை, தம்பி. வீட்டின் மதிப்பு 60 லட்சம், நிலம் ஏக்கருக்கு 20 லட்சம் என்று வைத்தால், ஆளுக்கு 40 லட்சம் வருகிறது. வீடு அண்ணனுக்கு, இரண்டு ஏக்கர் தம்பிக்கு, ஒரு ஏக்கர் தங்கைக்கு. வீட்டுக்காரராகிவிட்ட அண்ணன் தங்கைக்கு ஆறு மாதத்தில் 20 லட்சம் ரொக்கம் தர வேண்டும். பெரியப்பா முன்னிலையில் பேசி முடித்தார்கள். உதாரணத்துக்காகச் சொல்லும் குடும்பம்தான். ஒரு வருடம் ஆகியும் அந்த 20 லட்சம் வரவில்லை என்றால் தங்கை என்ன செய்ய முடியும்? அது, பேசியதை எந்தக் காகிதத்தில், யார் முன்னால் எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது.

பெரும்பாலான குடும்பங்களில் முதலில் எழுதப்படுவது கூர்சீட்டு. குடும்ப ஏற்பாடு வாய்மொழியாகவே செல்லும் என்றும், ஏற்கெனவே நடந்து முடிந்த பிரிவினையை நினைவுக்காகக் குறித்து வைக்கும் காகிதத்தைப் பதிவு செய்யத் தேவையில்லை என்றும் உச்ச நீதிமன்றம் 1976இல் காலே வழக்கில் சொன்னது. இதை நம்பிப் பலர் பத்திரச் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள். ஆனால் ‘இன்று முதல் வீடு அண்ணனுக்கு’ என்று அந்தக் காகிதமே உரிமையைக் கொடுத்தால், அது பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொத்துரிமைக்குச் சான்றாக நீதிமன்றம் அதை ஏற்காது. பிரிவினை முன்பே நடந்ததா, காகிதத்தால் நடந்ததா என்ற வாதத்திலேயே வருடங்கள் ஓடும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்தால் இந்தத் தொல்லை இல்லை. குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு இருப்பதால் செலவும் கட்டுக்குள் நிற்கும். மூவருக்கும் தெளிவான உரிமை கிடைக்கும். ஆனால் அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு தங்கையால் நேரே பணத்தை வசூலிக்க முடியாது. பணம் கேட்டுப் புதிதாக வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அதன் பிறகுதான் வசூல். உரிமைக்குப் பத்திரம் போதும். வாக்குறுதிக்குத் தீர்ப்பாணை வேண்டும்.

பேசி முடித்ததைத் தீர்ப்பாணையாக மாற்ற இரண்டு எளிய வழிகள் உண்டு. முதல் வழி, நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி அதைச் சமரச மையத்துக்கு அனுப்புவது. சமரசர் தீர்ப்புச் சொல்லமாட்டார். தனித்தனியாகவும் சேர்த்தும் பேச வைப்பார். அங்கே பேசியது வெளியே போகாது. உடன்பட்டால் எழுதிக் கையெழுத்து வாங்கி நீதிமன்றத்துக்கு அனுப்புவார். நீதிமன்றம் அதன்படி சமரசத் தீர்ப்பாணை பிறப்பிக்கும். அதன் மீது சாதாரண மேல்முறையீடு கிடையாது. தமிழ்நாட்டில் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

இரண்டாவது வழிக்கு வழக்கே வேண்டியதில்லை. வட்ட அல்லது மாவட்ட சட்டப் பணிகள் அமைப்பில் மனுக் கொடுத்தால், எதிர்த்தரப்பை அழைத்துப் பேசி, ஒத்துக்கொண்டால் லோக் அதாலத்தில் முடித்து வைப்பார்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. பெரியப்பா முன்னால் பேசி முடித்த நம் மூவருக்கு இதுவே மிகவும் பொருத்தம்.

நடுவர் தீர்ப்பு வேறு வகை. மூவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டு ஒருவரிடம் முடிவை ஒப்படைக்க வேண்டும். அவர் இருதரப்பையும் கேட்டு, தானே தீர்ப்புச் சொல்வார். பிடிக்காதவர் மூன்று மாதத்துக்குள், சட்டம் சொல்லும் சில காரணங்களுக்காக மட்டும் நீதிமன்றம் போகலாம். அந்தக் கெடு முடிந்தால் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம். சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் தீர்ப்பு என்றால் முத்திரைத் தாளும் பதிவும் தேவை. கையெழுத்துப் போடாத பங்காளியை அது கட்டாது. உயில் மெய்யா என்று சான்றளிக்கும் அதிகாரமும் நடுவருக்கு இல்லை. ஊர்ப் பெரியவர் வாய்மொழியாகச் சொன்ன பஞ்சாயத்து முடிவை நடுவர் தீர்ப்பு என்று நீதிமன்றத்தில் நீட்ட முடியாது.

வழி எதுவானாலும் வாசகம் கோட்டை விட்டால் எல்லாம் வீண். ‘மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு’ என்று மட்டும் எழுதினால் அது முதல்நிலைத் தீர்ப்பாணையோடு நின்றுவிடும். ஆணையரை அனுப்பி அளந்து, இறுதித் தீர்ப்பாணை வாங்க மறுபடி மனுப் போட வேண்டும். ஆகவே சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை, வரைபடம், வண்டிப்பாதை, பம்ப்செட்டில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்பது வரை பேச்சின்போதே எழுதிவிட வேண்டும். பணத்துக்குத் தேதி, தவறினால் வட்டி, அந்த வீட்டின் மீதே பொறுப்பு என்று மூன்றும் இருக்க வேண்டும். ‘வசதிப்பட்டபோது தருவார்’ என்ற வரியை எந்த நீதிமன்றமும் நிறைவேற்ற முடியாது.

அடிக்கடி நேரும் தவறுகள் மூன்று. முதலாவது, வழக்கில் சேர்க்காத மனை ஒன்றைச் சமரசத்தில் நுழைப்பது. வழக்குச் சொத்தைப் பொறுத்த சமரசத் தீர்ப்பாணைக்குப் பதிவுக் கட்டாயம் இல்லை. வெளியிலிருந்து வந்த மனைக்கு உண்டு. இரண்டாவது, மைனர். இறந்துபோன பங்காளியின் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால், அவன் சார்பில் சமரசம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் பிற்பாடு அவன் அதைத் தள்ளிவிடலாம். மூன்றாவது, முத்திரைத் தாள். பாகப்பிரிவினைத் தீர்ப்பாணையை உரிய முத்திரைத் தாளில் எழுதி வாங்கினால்தான் நிறைவேற்ற முடியும். அதை நிறைவேற்றக் கெடு 12 ஆண்டு. தாள் கொடுக்காமல் இருந்தாலும் அந்தக் கெடு தீர்ப்பாணைத் தேதியிலிருந்தே ஓடும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் சொல்லிவிட்டது. தாள் வாங்காமல் பீரோவில் வைத்த தீர்ப்பாணைகள் பல இப்படிக் காலாவதியாகின்றன.

இப்போது தங்கையின் கதைக்கு வருவோம். கையில் தீர்ப்பாணையோ லோக் அதாலத் தீர்வோ இருந்தால் அவர் புது வழக்குப் போட வேண்டாம். நிறைவேற்று மனு போதும். வீட்டின் மீது பொறுப்பு எழுதியிருந்தால் நீதிமன்றம் அந்த வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவரலாம். நிலத்தின் சுவாதீனத்தை விடாமல் தம்பி தகராறு செய்தால் அமீனா வந்து ஒப்படைப்பார். பத்திரத்தில் கையெழுத்துப் போட மறுத்தால் அவர் சார்பில் நீதிமன்றமே எழுதிக் கொடுக்கும். ஒரு ஓட்டை மட்டும் உண்டு: பொறுப்பு இருப்பது தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவரிடமிருந்து வீட்டைப் பிடிப்பது கடினம். அதனால் தீர்ப்பாணை நகலைச் சார்பதிவாளரிடம் பதிந்து, வில்லங்கச் சான்றில் ஏறும்படி செய்துவிட வேண்டும். அந்த நகலைக் கொண்டே தாலுகா அலுவலகத்தில் உட்பிரிவுக்கும் பட்டா மாறுதலுக்கும் மனுக் கொடுக்கலாம்.

சமரச வாசகத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பேச்சு நடந்த அறைக்கே வராத சர்வேயரிடமும் அமீனாவிடமும் அந்தக் காகிதத்தை மட்டும் கொடுத்தால், யாரிடமும் எதையும் கேட்காமல் அவர்கள் வேலையை முடிக்க முடியுமா? முடியாது என்று தோன்றினால், எல்லோரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கும் அன்றைக்கே அதைத் திருத்தி எழுதிவிடுங்கள்.