தலைக்குப் பின்னால் டியூப்லைட்

இரவு எட்டு மணிக்கு வீடியோ கால். ஹாலில் இருப்பது ஒரே டியூப்லைட். அதுவும் நாம் உட்காரும் இடத்துக்குப் பின்சுவரில், உயரத்தில். திரையில் சுவரும் விளக்கும் பளிச்சென்று தெரிய, முகம் மட்டும் கருத்துப்போய் நிற்கும். எதிர்முனையில் இருப்பவர் "லைட்டைப் போடுப்பா" என்பார். லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

சாதாரண வெப்கேம் பலவற்றுக்கும் முகம் எது, சுவர் எது என்று தெரியாது. படம் முழுவதிலும் உள்ள வெளிச்சத்தைச் சராசரி எடுத்து, அது நடுத்தர அளவில் நிற்கும்படி எக்ஸ்போஷரைக் கூட்டும், குறைக்கும். பின்னால் விளக்கு இருந்தால் சராசரி ஏறிவிடுகிறது. கேமரா வெளிச்சத்தைக் குறைக்கிறது. அடி வாங்குவது முகம்.

ஆகவே முதலில் நாற்காலியைத் திருப்புங்கள். டியூப்லைட் கேமராவுக்குப் பின்னால், நம் முகத்துக்கு எதிரே வரட்டும். இதற்கு ஈடான செட்டிங் எதுவும் கிடையாது. திருப்ப வழியே இல்லாதபோதுதான் பேக்லைட் காம்பன்சேஷன். அது படத்தை மொத்தமாக வெளிச்சமாக்கும், அல்லது நடுப்பகுதிக்கு அதிக மதிப்புக் கொடுக்கும். முகம் தெளியும், பின்சுவர் வெள்ளையாக வெளிறிப்போகும். நாற்காலியைத் திருப்பிய பிறகும் இதை ஆன் செய்தே வைத்திருந்தால் முகமும் சேர்ந்து வெளிறும். அப்போது அணைத்துவிடுவதே நல்லது.

விண்டோஸில் இந்தக் கட்டுப்பாடுகளை எட்ட எளிய வழி, இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் ஸ்டூடியோ. அதில் கேமராவைச் சேர்த்து, அதன் Properties-இல் Configure Video என்பதை அழுத்தினால் Video Proc Amp, Camera Control என்று இரண்டு பக்கங்கள் திறக்கும். எல்லாக் கேமராவும் எல்லா ஸ்லைடரையும் தராது. கேமரா ஆதரிக்காதவை மங்கலாக இருக்கும்.

Camera Control பக்கத்தில் Low Light Compensation என்ற டிக் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். நொடிக்கு 30 படம் வேண்டுமானால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது அதிகபட்சம் 1/30 நொடிதான். இந்த டிக் இருந்தால் கேமரா அதையும் தாண்டி வெளிச்சத்தைச் சேகரிக்கும். படம் நொடிக்கு 15 ஆகக் குறையும். கையசைத்தால் விரல்கள் ஒன்றோடொன்று இழுகித் தெரியும். அந்த இழுகலைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்து Exposure-இல் Auto டிக்கை எடுத்துவிட்டு -5 வையுங்கள். பெரும்பாலான கேமராக்களில் இது சுமார் 1/32 நொடி. -6 அதில் பாதி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். 1/32 நொடியில் ஏறத்தாழ மூன்று மினுக்கல்கள் முழுசாக அடங்கிவிடும். -6-இல் ஒன்றரை மட்டுமே அடங்குவதால் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். Auto-வில் விட்டிருந்தாலும் பட்டை தெரிந்தால் PowerLine Frequency 60-இல் இருக்கிறதா என்று பார்த்து 50-க்கு மாற்றுங்கள்.

இன்னும் இருட்டாக இருந்தால் Gain-ஐக் கொஞ்சம் ஏற்றலாம். கன்னத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் ஆடத் தொடங்கினால் அதற்கு மேல் போக வேண்டாம். மேசைக்கு ஒரு விளக்குக் கொண்டுவருவதே மேல். எங்கே நிறுத்துவது என்பதற்கு நெற்றியையும் மூக்கு நுனியையும் பாருங்கள். அங்கே தோலின் நிறம் போய் வெறும் வெள்ளைத் திட்டு விழுந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். மாநிறம் மாநிறமாகத் தெரிய வேண்டும். சிவப்பாக்கிக் காட்டுவது கேமராவின் வேலை அல்ல.

நிறத்துக்கு வருவோம். பச்சைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தால் ஆட்டோ வைட் பேலன்ஸ் அந்தப் பச்சையைக் குறைக்கப் பார்க்கும். முகத்தில் ரோஸ் ஏறும். லேப்டாப்பில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தால் முகத்தில் நீலம் விழும், உடனே கேமரா வேறொரு நிறத்துக்குத் தாவும். பேச்சின் நடுவே முகம் நிறம் மாறிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

White Balance-இன் Auto-வையும் எடுத்துவிடுங்கள். ஒரு வெள்ளை ஏ4 தாளைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, அது நீலமாகவோ மஞ்சளாகவோ தெரியாத இடம் வரை ஸ்லைடரை நகர்த்துங்கள். வெள்ளை டியூப்லைட்டுக்கு 6500 பக்கமும், மஞ்சள் பல்புக்கு 3000 பக்கமும் அமையும். தாளை எடுத்த பிறகு முகம் சோகை பிடித்ததுபோல் இருந்தால் எண்ணைக் கொஞ்சம் கூட்டுங்கள், சூடு வரும். ஒரு கன்னத்தில் மஞ்சள் பல்பும் மறு கன்னத்தில் டியூப்லைட்டும் விழுந்தால் எந்த எண்ணும் சரிவராது. ஒன்றை அணைக்கத்தான் வேண்டும்.

சில கேமராக்கள் கழற்றி மாட்டியதும் இதையெல்லாம் மறந்து பழைய நிலைக்குப் போய்விடும். எண்களை ஒரு சீட்டில் குறித்து வைத்தால் அடுத்த காலுக்கு முன் ஒரு நிமிடத்தில் வேலை முடியும். பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் பேசும்போது மட்டும் எல்லாவற்றையும் Auto-வுக்குத் திருப்பிவிடுங்கள். மேகம் வந்து போவதற்கெல்லாம் கையால் ஈடுகொடுக்க முடியாது.