ஆள் இருக்கிற வீட்டை வாங்கலாமா?

வீடு பிடித்துவிட்டது, விலையும் ஒத்துவருகிறது. கீழே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. "அவங்களா? சொன்னா ரெண்டு மாசத்துல கிளம்பிடுவாங்க சார்" என்கிறார் புரோக்கர். இந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் பத்திரம் பதிந்துவிட்டு, சொந்த வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

முதலில் சட்டத்தின் நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும். வீடு கைமாறுவதால் வாடகைதாரரின் உரிமை முடிந்துபோவதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 109ஆவது பிரிவில், வாங்குகிறவர் பழைய உரிமையாளரின் இடத்தில் போய் நிற்கிறார் என்கிறது. அவருக்கு இருந்த உரிமைதான் உங்களுக்கும் வருகிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. எழுதிப் பதிந்த வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் ஒன்றரை வருடம் பாக்கியிருந்தால், அந்த ஒன்றரை வருடம் உங்களையும் கட்டும். "எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்று தப்பிக்கவும் முடியாது. ஒரு வீட்டில் ஆள் குடியிருந்தால், அவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியும் என்றே அதே சட்டத்தின் 3ஆவது பிரிவு எடுத்துக்கொள்கிறது. அதாவது, விசாரிக்காமல் விட்டது உங்கள் தவறு.

அதனால் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தது போதாது. பதிவாகாத வாடகையும் லீஸும் அதில் வரவே வராது. விற்பவரும் புரோக்கரும் இல்லாத ஒரு நேரத்தில் குடியிருப்பவரை நேரில் பார்த்துப் பேசுவதுதான் உண்மையான வில்லங்கச் சான்று. எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், வாடகை எவ்வளவு, யாரிடம் கொடுக்கிறீர்கள், அட்வான்ஸ் எவ்வளவு, கையில் ஏதாவது பத்திரம் உண்டா, வீட்டை நீங்களே வாங்குவதாக எப்போதாவது பேச்சு நடந்ததா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வாடகைதாரரிடமே விற்பதாக ஒப்புக்கொண்டு முன்பணம் வாங்கிய உரிமையாளர்களும் உண்டு. கேட்டுத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் அட்வான்ஸ் தொகை ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சமாக வளராமல் இருக்க அந்தத் தாள் உதவும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மதுரையில் மாடியோடு ஒரு வீடு, விலை 62 லட்சம். கீழ்ப் போர்ஷனில் ஒரு குடும்பம் 14 வருடமாக இருக்கிறது. வாடகை 7,000, அட்வான்ஸ் 50,000, எழுத்தில் எதுவும் இல்லை. மாடியில் இருப்பவர் வாடகையே கொடுப்பதில்லை. 6 லட்சம் கொடுத்து மூன்று வருட 'லீஸுக்கு' வந்தவர். கெடு முடிய இன்னும் 16 மாதம் இருக்கிறது.

இரண்டில் எது சிக்கல்? பார்த்தவுடன் 14 வருடக் குடித்தனம்தான் பயமுறுத்தும். பன்னிரண்டு வருடம் இருந்தால் வீடு அவருக்கே சொந்தமாகிவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது வாடகைதாரருக்குப் பொருந்தாது. உரிமையாளரின் அனுமதியோடு, அவருக்கு வாடகை கொடுத்து இருப்பவர் அந்த வீட்டை எதிரிடையாக அனுபவிக்கவில்லை. தனக்கு வாடகைக்கு விட்டவரின் உரிமையைக் குடித்தனம் இருக்கும்போதே மறுக்கவும் சட்டம் அவரை விடாது. (வெறும் மனையை வாடகைக்கு எடுத்துத் தன் செலவில் வீடு கட்டிக்கொண்டவரின் கதை வேறு. அவருக்கு 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரக்கூடும். அப்படிப்பட்ட சொத்தைத் தொடுவதற்கு முன் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.)

உண்மையான முள் மாடியில் இருக்கிறது. நம் ஊரில் லீஸ் என்று சொல்வது பெரும்பாலும் பழைய ஒத்திதான். மொத்தப் பணம் கொடுத்தவர், பணம் திரும்பிவரும்வரை வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிக்கிறார். அந்த 6 லட்சத்தை விற்பவர் எப்போதோ செலவழித்திருப்பார். "கிரயப் பணம் வந்ததும் நான் கொடுத்துவிடுகிறேன்" என்பார். முழுப் பணமும் அவர் கைக்குப் போன பிறகு அவர் கொடுக்கவில்லை என்றால், மாடியில் இருப்பவர் சாவியைத் தரமாட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. நீங்கள் 62 லட்சத்துக்கு மேல் இன்னொரு 6 லட்சம் கொடுத்து உங்கள் மாடியை மீட்க வேண்டிவரும்.

ஆகவே, காலி செய்யவைக்கும் வேலை விற்பவருடையதாக இருக்க வேண்டும். அது அவருடைய பணத்தில், கிரயத்துக்கு முன்பே முடிய வேண்டும். இதற்கான இடம் விற்பனை ஒப்பந்தம்தான். 'கீழும் மேலும் காலியாக, ஆள் இல்லாத நிலையில் ஒப்படைப்பது விற்பவரின் கடமை. அது நடந்த பிறகே மீதிப் பணமும் கிரயமும்' என்று அதில் எழுதி, தேதியும் போட்டு, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அந்தத் தேதிக்குள் நடக்காவிட்டால் முன்பணம் திரும்ப வருமா, கெடு நீளுமா என்பதையும் எழுதிவிடுங்கள். முன்பணத்தைக் குறைவாகக் கொடுங்கள். நம் கணக்கில் 62 லட்சத்துக்கு 3 லட்சம் போதும். கையில் நிற்கும் 59 லட்சம்தான் விற்பவரைக் குடியிருப்பவரிடம் பேசவைக்கும்.

மாடிக்காரருக்குக் கெடு பாக்கியிருப்பதால் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது, சம்மதிக்க வைக்கத்தான் முடியும். லீஸ் தொகையோடு, வீடு மாறும் செலவுக்கும் புது இடத்துப் புரோக்கர் கமிஷனுக்குமாக 40,000 ரூபாய் தருவதாக விற்பவர் பேசி முடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 6,40,000 ரூபாயை விற்பவரின் எழுத்துச் சம்மதத்தோடு மீதிப் பணத்திலிருந்து பிரித்து, மாடிக்காரர் பெயரில் டி.டி. எடுங்கள். சாமான் ஏறி, அறைகளைச் சுற்றிப் பார்த்து, மின் மீட்டர் அளவைக் குறித்துக்கொண்டு, சாவி கைமாறும் நிமிடத்தில் டி.டி.யைக் கொடுங்கள். 'வீட்டை ஒப்படைத்துவிட்டேன், பாக்கி எதுவும் இல்லை' என்று கையெழுத்தும் அப்போதே வாங்கிவிடுங்கள். பாதிப் பணம் இன்று, பாதி காலி செய்யும்போது என்று பேசினால், முதல் பாதி செலவான பிறகு பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கிரயத்துக்கு முந்தின நாளோ அன்று காலையோ நீங்களே போய்ப் பாருங்கள். ஒரு அறையைப் பூட்டிச் சாமான் போட்டுவைத்திருந்தாலும் அது காலி வீடு அல்ல.

சரி, கீழ்ப் போர்ஷன்காரர் நகரவில்லை, வீட்டையும் விட மனமில்லை, ஆளோடு சேர்த்தே வாங்குகிறீர்கள் என்றால்? முதலில் விலை குறைய வேண்டும், காலி வீட்டு விலைக்கு அதை வாங்காதீர்கள். அட்வான்ஸ் 50,000 ரூபாயை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். நாளை அதை அவர் உங்களிடம்தான் கேட்பார். கிரயத் தேதிக்கு முந்தைய வாடகை பாக்கி சாதாரணமாக விற்பவருக்கே சேரும். அது உங்களுக்கு வேண்டுமானால் பத்திரத்திலேயே எழுதி வாங்க வேண்டும். பதிந்த அன்றே விற்பவரும் நீங்களும் கையெழுத்திட்டு, இனி வாடகையை இன்னாரிடம் கொடுக்கவும் என்று குடியிருப்பவருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். தகவல் தெரியாமல் பழைய உரிமையாளரிடம் அவர் கொடுத்த வாடகை செல்லும், உங்களுக்கு இரண்டாம் முறை தர வேண்டியதில்லை.

அதன் பிறகு வழி வாடகை நீதிமன்றம்தான். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்பது இதன் அடிப்படை. காலி செய்யச் சொல்ல இதில் குறிப்பிட்ட காரணங்கள் உண்டு. இரண்டு மாத வாடகையை நிறுத்திவைத்து, நோட்டீஸ் கொடுத்த பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டாதது ஒன்று. எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டது ஒன்று. நம் மதுரை வீட்டைப் போல, சட்டம் வருவதற்கு முன்பிருந்தே வாய்ப்பேச்சில் ஓடிய குடித்தனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் போடாமல் போனதும் ஒரு காரணம். எனவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, நியாயமான வாடகையோடு ஓர் ஒப்பந்தத்தை எழுதி அவருக்கு அனுப்புவது. கையெழுத்துப் போட்டால் தேதியுள்ள ஒரு முடிவு உங்களுக்குக் கிடைக்கும். மறுத்தால் மனு போட வழி கிடைக்கும்.

"என் மகளுக்கு வேண்டும், நானே குடிபோகப் போகிறேன்" என்ற காரணத்தை நம்பி மட்டும் வாங்காதீர்கள். வீட்டை விலைக்கு வாங்கியவுடன் அதைச் சொல்லி வருபவரைச் சட்டங்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கின்றன. நம் பழைய சட்டம் கிரயம் பதிந்து மூன்று மாதம் பொறுக்கச் சொன்னது. கேரளச் சட்டம் ஒரு வருடம் என்கிறது, டெல்லிச் சட்டம் ஐந்து வருடம் என்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, உங்கள் வீட்டின் விவரங்களோடு வழக்கறிஞரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

உத்தரவு வந்த பிறகும் அவர் போகவில்லை என்றால், நீங்கள் நிறைவேற்று மனு போட்டால், நீதிமன்ற அமீனா வந்து வீட்டை எடுத்து ஒப்படைப்பார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்துக் காலி செய்ய வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது சிவில் விவகாரம், காலி செய்யவைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதை 2017ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அவர் ஊருக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றினால் இன்னும் மோசம். சட்ட வழியில்லாமல் வெளியேற்றப்பட்டவர் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் வீடு யாருடையது என்று நீதிமன்றம் பார்க்காது, உங்கள் கிரயப் பத்திரம் அங்கே செல்லுபடியாகாது.